ஐந்து பவுண்டு எங்கே போனது?

பள்ளியில் புள்ளியியல் நடத்திய காலத்தில், குவிவு நிகழ்வெண் வளைகோடு பாடம் வரும்போதெல்லாம் ஒரே அட்டவணையைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். வரைபடத் தாளைக் கொடுத்து, இடைநிலை அளவு எவ்வளவு என்று படம் பார்த்துச் சொல்லுங்கள் என்பேன். பாதி வகுப்பு 74 பவுண்டு என்று சொல்லும். மீதியில் பெரும்பாலோர் 69 என்பார்கள். 71, 72 என்று நடுவில் நிற்பவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். கை நடுங்கி, பென்சில் விலகி வந்த பிழையாக இருந்தால் விடைகள் அங்குமிங்கும் சிதறியிருக்கும். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சரியாக ஐந்து பவுண்டை மட்டும் தொலைக்கிறார்கள் என்றால், தொலைத்த இடம் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். அந்த இடத்துக்குப் போவதற்கு முன்னால் அட்டவணையைப் பார்த்துவிடலாம்.

1884-ல் லண்டன் சவுத் கென்சிங்டனில் சர்வதேச சுகாதாரக் கண்காட்சி நடந்தது. அதில் 36 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட ஓர் ஓடையைப் போன்ற இடத்தில் பிரான்சிஸ் கால்டன் ஓர் அளவைக்கூடம் வைத்திருந்தார். மூன்று பென்னி கொடுத்து ஒரு முனையில் நுழைந்தால், உயரம், எடை, மூச்சின் கொள்ளளவு, கண்பார்வை என்று வரிசையாக அளந்து மறுமுனையில் வெளியே அனுப்புவார்கள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்துத் தங்களை அளந்துகொண்டார்கள். (இதே கால்டன்தான் மனிதர்களைப் ‘நல்ல வித்து’ பார்த்துப் பெருக்கவேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயர் சூட்டியவர். அவருடைய கணக்கை எடுத்துக்கொள்ளலாம். கொள்கையை அங்கேயே விட்டுவிடலாம்.)

அங்கே எடுத்த அளவுகளில் ஒன்று இழுவலிமை. வில்லாளி நாணை இழுக்கும் தோரணையில் நின்று ஒரு கருவியை இழுக்கவேண்டும். எத்தனை பவுண்டு விசை என்று முள் காட்டும். 23 முதல் 26 வயது வரையுள்ள 519 ஆண்களின் கணக்கை 1889-ல் வெளியிட்ட தன் நூலில் கால்டன் கொடுத்திருக்கிறார். அதுதான் நான் கரும்பலகையில் எழுதியது.

50 பவுண்டுக்குக் கீழ்: 10 பேர்
50 முதல் 60-க்குள்: 42 பேர்
60 முதல் 70-க்குள்: 140 பேர்
70 முதல் 80-க்குள்: 168 பேர்
80 முதல் 90-க்குள்: 113 பேர்
90 முதல் 100-க்குள்: 22 பேர்
100-உம் அதற்கு மேலும்: 24 பேர்

வலது பக்கம் இருக்கும் எண்களைத்தான் நிகழ்வெண் என்கிறோம். இலங்கையில் படித்தவர்களுக்கு இது மீடிறன். நமது இடைநிலை அளவு அங்கே இடையம், கால்மானம் அங்கே காலணை. பெயர் எதுவானாலும் செய்யவேண்டிய முதல் வேலை ஒன்றுதான்: மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வருவது. 50-க்குக் கீழே இழுத்தவர்கள் 10 பேர். 60-க்குக் கீழே என்று கேட்டால், அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து 52. 70-க்குக் கீழே 192. 80-க்குக் கீழே 360. 90-க்குக் கீழே 473. 100-க்குக் கீழே 495. கடைசி 24 பேரையும் சேர்த்தால் 519. மொத்தம் பொருந்திவிட்டதா என்று இங்கேயே பார்த்துக்கொள்ளவேண்டும். கூட்டலில் ஓர் எண் பிசகினால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் பிசகும்.

மேலே ஒவ்வொரு முறையும் “60-க்குக் கீழே”, “70-க்குக் கீழே” என்று வாய்விட்டுச் சொன்னேன் அல்லவா? அது பேச்சுக்காகச் சொன்னதில்லை. 192 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. “70-க்குக் கீழே 192” என்று சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு செய்தி. ஆகவே 192 என்ற புள்ளி தாளில் உட்காரவேண்டிய இடம் 70-க்கு நேர் மேலே, அதாவது பிரிவின் மேல் எல்லையில்.

இப்போது தாள். நம் ஊரில் கடையில் கிடைக்கும் சென்டிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாளே போதும். கிடை அச்சில் 2 செ.மீ.க்கு 10 பவுண்டு என்று எடுத்தால் ஒரு சிறு கட்டம், அதாவது 1 மி.மீ., அரை பவுண்டு ஆகும். அச்சை 40-ல் தொடங்கி, மூலையில் சிறு நெளிவு போட்டுவிட வேண்டும். பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 50 பேர். பிறகு புள்ளிகள்: 50-க்கு மேலே 10, 60-க்கு மேலே 52, 70-க்கு மேலே 192, 80-க்கு மேலே 360, 90-க்கு மேலே 473, 100-க்கு மேலே 495.

கடைசி 24 பேரை எங்கே வைப்பது என்று வகுப்பில் கட்டாயம் ஒரு கை உயரும். “110-க்கு மேலே 519 என்று வைக்கலாமா சார்?” வைக்கக்கூடாது. அவர்கள் 100-க்கு மேல் இழுத்தார்கள் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். 101-ஆ 130-ஆ தெரியாது. முன்பின் தெரியாதவருக்கு முகவரி எழுதிக்கொடுப்பது நம் வேலையில்லை. கோட்டை 100-க்கு மேலே 495-லேயே நிறுத்திவிடலாம். அதேபோல முதல் பத்துப் பேருக்கும் கீழ் எல்லை கிடையாது, ஆகவே கோடு 50-க்கு மேலே உள்ள புள்ளியிலிருந்தே தொடங்கட்டும். இரண்டு முனையும் அறுந்த கோடு என்று சிலருக்கு மனசு ஒப்பாது. நமக்கு வேண்டிய மூன்று எண்களும் நடுப்பகுதியில்தான் கிடக்கின்றன. முனைகள் இல்லாததால் ஒன்றும் குறையப்போவதில்லை.

சராசரி கேட்டிருந்தால் இங்கேயே மாட்டிக்கொண்டிருப்போம். 24 பேரையும் 105 என்று வைத்தால் ஒரு சராசரி, 125 என்று வைத்தால் வேறொரு சராசரி. இடைநிலை அளவோ வரிசையில் நடுவில் நிற்பவரை மட்டும் கேட்கிறது. வரிசையின் கடைசியில் நிற்பவர் எவ்வளவு பலசாலி என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. முனை திறந்த பிரிவுகள் உள்ள அட்டவணைக்கு இந்த வளைகோட்டை நாடுவது அதனால்தான்.

புள்ளிகளை அடிக்கோலால் இணைக்காமல், கையைத் தளர்வாக வைத்து ஒரே இழுப்பில் இணைத்தால், கீழே தயங்கி, நடுவில் விறுவிறுவென்று ஏறி, மேலே களைத்துப் படுக்கும் ஒரு கோடு கிடைக்கும். கட்டடக்கலையில் கூர்முனை வளைவுக்குச் சொல்லும் ‘ஓஜைவ்’ என்ற பெயரை 1875-ல் இதற்கு வைத்தவரும் கால்டன்தான். ஆனால் அவர் வரைந்த படம் நம்முடையதைத் திருப்பிப் போட்டது போலிருக்கும். ஆட்களைக் குட்டையிலிருந்து நெட்டை வரை ஒரு வரிசையில் நிறுத்தி, அவர்கள் தலைகளைத் தொட்டுக்கொண்டு ஒரு கோடு இழுப்பதாக அவர் நினைத்துப்பார்த்தார். நாம் ஆட்களின் எண்ணிக்கையைச் செங்குத்து அச்சில் வைத்துவிட்டோம். வளைகோட்டைப் படிக்கும்போது குழம்பினால் இந்த வரிசையை நினைத்துக்கொண்டால் போதும்: செங்குத்து அச்சு என்பது ஆட்கள் நிற்கும் வரிசை, கிடை அச்சு என்பது அவர்களுடைய அளவு.

ஆகவே படிப்பதும் வரிசையிலிருந்துதான் தொடங்கவேண்டும். 519 பேரில் பாதி 259.5. செங்குத்து அச்சில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, வளைகோட்டைத் தொடும்வரை கிடையாக ஒரு புள்ளிக்கோடு. தொட்ட இடத்திலிருந்து நேர் கீழே இன்னொரு புள்ளிக்கோடு. அது கிடை அச்சில் இறங்கும் இடம் 74. அதாவது 519 இளைஞர்களில் பாதிப்பேர் 74 பவுண்டுக்குக் குறைவாகவும் பாதிப்பேர் அதற்கு அதிகமாகவும் இழுத்திருக்கிறார்கள். நம் கணக்கில் சுமார் 33.5 கிலோ.

260 ஆவது ஆள்தானே நடுவில் நிற்பவர், 259.5 எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. தனித்தனி அளவுகள் கையில் இருந்தால் 260 ஆவது ஆள்தான். இங்கே தனி ஆட்கள் இல்லை, பிரிவுகளில் கொட்டிவைத்த கூட்டம்தான் இருக்கிறது. கோட்டின் உயரத்தைப் பாதியாக்கினால் போதும். நம் தாளில் அரை ஆள் என்பது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பென்சில் முனையே அதைவிடத் தடிமன்.

இதில் நடக்கும் ஒரு நகைச்சுவையையும் சொல்லிவிடவேண்டும். செங்குத்து அச்சில் 600 வரை எழுதியிருப்பார்கள், தாளில் இடம் இருக்கிறதே என்று. பிறகு பாதி எடுக்கச் சொன்னால் 300-ல் கோடு போடுவார்கள்! விடை 76-ஐத் தாண்டிப் போய் நிற்கும். பாதியாக்க வேண்டியது ஆட்களை; தாளை அல்ல.

கால்மானங்களுக்கும் இதே வழிதான். 519-ஐ நான்கால் வகுத்தால் 129.75, ஏறத்தாழ 130-லிருந்து கிடையாகப் போய் இறங்கினால் 66-க்கு அருகே வந்து சேரும். இது முதல் கால்மானம். முக்கால் பங்கு 389. அங்கிருந்து இறங்கினால் 82-ஐ ஒட்டி. இது மூன்றாம் கால்மானம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் சுமார் 16 பவுண்டு. அதைத்தான் கால்மான இடைவெளி என்கிறோம்: நடுவில் நிற்கும் பாதிப்பேர் இந்தப் பதினாறு பவுண்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

சூத்திரம் போட்டுப் பார்ப்பவர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள். முதல் கால்மானம் 65.6, மூன்றாவது 82.6, இடைவெளி 17 என்று அவர்களுக்கு வரும். யார் பக்கம் நியாயம்? இரண்டு பேரிடமும் தவறில்லை. சூத்திரம், 60-க்கும் 70-க்கும் நடுவே இருக்கும் 140 பேரும் சமமாகப் பரவி நிற்பதாக வைத்துக்கொள்கிறது. படத்தில் அடிக்கோலால் புள்ளிகளை இணைப்பதும் அதேதான். கையால் வளைத்து வரைந்தவர் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. 60-க்குக் கீழே உள்ள பிரிவில் 42 பேர்தான், 70-க்கு மேலே உள்ள பிரிவில் 168 பேர். கூட்டம் மேலே போகப்போகத் தடிக்கிறது என்றால், 60-க்கும் 70-க்கும் நடுவிலும் 70 பக்கமாகவே அதிகம்பேர் ஒதுங்கி நின்றிருப்பார்கள். ஆகவே வளைகோடு அங்கே நேர்கோட்டுக்குச் சற்றுக் கீழே தொங்கும். முதல் கால்மானம் சிறிது வலப்பக்கம் தள்ளும். 80-க்கு மேலே கதை தலைகீழ். கோடு சற்று மேலே புடைக்கும், மூன்றாம் கால்மானம் இடப்பக்கம் வரும். இரண்டும் உள்ளே நகர்வதால் இடைவெளி குறைகிறது. என் மனசுக்கு வளைகோடே உண்மைக்குப் பக்கத்தில் நிற்பதாகப் படுகிறது, ஆனால் அதற்கு ஒரு தசமத்துக்கு மேல் துல்லியம் கேட்பது நியாயமில்லை. 65.87 என்று எழுதும் மாணவரிடம் அந்த 7 எந்தக் கட்டத்தில் தெரிந்தது என்று நான் கேட்டிருக்கிறேன்.

இந்த மூன்று எண்களுக்குத் தெரியாத ஒன்று படத்தில் இருக்கிறது. இடைநிலை அளவிலிருந்து கீழே ஏறத்தாழ 8 பவுண்டில் ஒரு கால்மானம், மேலேயும் ஏறத்தாழ 8 பவுண்டில் ஒன்று. இருபுறமும் சமம், அழகான கூட்டம் என்று தோன்றும். கோட்டின் வால் பகுதியைப் பாருங்கள். 80-லிருந்து 90-க்கு 113 பேர் என்று மளமளவென்று ஏறிய கோடு, 90-லிருந்து 100-க்கு 22 பேர் என்று சட்டென்று படுத்துவிடுகிறது. அதற்குமேல் ஏறக்குறைய ஆளே இருக்கக்கூடாது. ஆனால் 100-க்கு மேலே 24 பேர் இருக்கிறார்கள், முந்தைய பிரிவைவிட இரண்டு பேர் அதிகம்! எல்லையில்லாத பிரிவு என்பதால் அது நீண்ட வாலாகவும் இருக்கலாம். கால்மானங்கள் நடுவில் உள்ள பாதிப்பேரை மட்டுமே பார்ப்பவை. முனைகளில் யார் நிற்கிறார்கள் என்று அவற்றைக் கேட்டுப் பயனில்லை. சரிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோடு செங்குத்தாக ஏறினால் அங்கே கூட்டம். படுத்திருந்தால் அங்கே ஆளில்லை.

இனி அந்த ஐந்து பவுண்டு.

இந்தப் பாடத்துக்கு முன்னால்தான் மாணவர்கள் நிகழ்வெண் பலகோணம் போட்டுப் பழகியிருப்பார்கள். அதில் ஒவ்வொரு பிரிவுக்கும் நடுப்புள்ளியில்தான் புள்ளி வைக்கவேண்டும். 60–70 என்றால் 65-ல். கை அதே பழக்கத்தில் 192-ஐயும் 65-க்கு மேலே கொண்டுபோய் வைத்துவிடும், 360-ஐ 75-க்கு மேலே. வளைகோடு உருக்குலையாது, அதே எஸ் வடிவம், அதே வழவழப்பு. முழுக்கோடும் அரைப் பிரிவு, அதாவது ஐந்து பவுண்டு, இடப்பக்கம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். இடைநிலை 69, முதல் கால்மானம் 61-ஐ ஒட்டி, மூன்றாவது 77-ஐ ஒட்டி. வேடிக்கை என்னவென்றால், கால்மான இடைவெளி மட்டும் சரியாகவே வரும். இரண்டும் ஒரே அளவு நகர்ந்ததால் கழிக்கும்போது பிழை மறைந்துவிடுகிறது. வினாத்தாளில் இடைவெளியை மட்டும் கேட்டால் இந்தப் பிழைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

எல்லை எது என்பதே குழப்பமாக இருக்கும் அட்டவணைகளும் உண்டு. 41–50, 51–60 என்று எழுதியிருந்தால் 50-க்கும் 51-க்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, எல்லையை 50.5 என்று எடுக்கவேண்டும். கால்டன் “50-க்குக் கீழ்” என்றே எழுதியதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

பார்த்தவுடன் தெரியாத பிழையை எப்படிப் பிடிப்பது? இன்னொரு கோடு வரைந்து. இப்போது மேலிருந்து எண்ணாமல் கீழிருந்து எண்ணுங்கள். 50-உம் அதற்கு மேலும் இழுத்தவர்கள் 509 பேர். 60-உம் அதற்கு மேலும் 467. 70-க்கு 327, 80-க்கு 159, 90-க்கு 46, 100-க்கு 24. இவற்றை அந்தந்தக் கீழ் எல்லைக்கு மேலே வைத்து இணைத்தால் மேலிருந்து கீழே சறுக்கும் கோடு வரும். ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அங்கிருந்து நேர் கீழே இறங்கினால் இடைநிலை அளவு, 74. இதைப் பாடநூல்கள் சொல்லிவிடுகின்றன. வெட்டும் புள்ளியின் உயரத்தையும் பாருங்கள் என்று சொல்ல மறந்துவிடுகின்றன. எந்த இடத்தில் வெட்டினாலும், கீழே உள்ளவர்களும் மேலே உள்ளவர்களும் சேர்ந்து 519 தானே? இரண்டும் சமமாக இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் 259.5 ஆகத்தான் இருந்தாகவேண்டும்.

ஒரு வருடம் ஒரு மாணவி இரண்டு கோடுகளையும் நடுப்புள்ளிகளிலேயே வரைந்து கொண்டுவந்தாள். இடைநிலை அளவு கிட்டத்தட்ட 74 என்று எழுதியிருந்தாள். விடை சரி! ஏறும் கோடு ஐந்து பவுண்டு இடப்பக்கமும், இறங்கும் கோடு ஐந்து பவுண்டு வலப்பக்கமும் நகர்ந்ததில் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிட்டன. ஆனால் அவள் முகத்தில் திருப்தி இல்லை. “சார், ரெண்டும் 340-க்கு மேல வெட்டுது. பாதி 259 தானே?” என்றாள்.

75-க்கு மேலே அவள் வைத்திருந்த இரண்டு புள்ளிகளைப் படிக்கச் சொன்னேன். ஏறும் கோட்டில் 360, இறங்கும் கோட்டில் 327. கூட்டிப் பார் என்றேன். 687 வந்தது. 519 போக எவ்வளவு அதிகம் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி 168 என்றாள். சொல்லிவிட்டு அட்டவணையைத் திரும்பிப் பார்த்தாள். 70 முதல் 80-க்குள் என்ற வரியில் அதே 168 நின்றுகொண்டிருந்தது. 75-க்குக் கீழே என்று ஒரு கோட்டிலும் 75-க்கு மேலே என்று மறு கோட்டிலும் அந்த 168 பேரையும் முழுசாக இரண்டு முறை எண்ணியிருக்கிறாள். ரப்பரை எடுத்தாள். அழித்த கோடுகளின் தடம் தாளில் கடைசிவரை போகவில்லை, அதன் மேலேயே புதுக் கோடுகளைப் போட்டாள். இந்த முறை அவை 260-ஐ ஒட்டி வெட்டின.